கருத்திட்டம் எழுதுவோம்: மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள், நோக்கம் நிறைவேறியதா?



முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி தமது மாதர் சங்கத்தின் கருத்திட்ட முன்மொழிவை எனக்கு அனுப்பியிருந்தார். நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு வரி: "இலக்கு, நோக்கம், வெளியீடு மூன்றும் ஒன்றாகவே உள்ளன." அவர் எழுதியிருந்த கடிதத்தில் கோபமும் இருந்தது, நியாயமும் இருந்தது. "அக்கா, மூன்றுக்கும் தமிழில் ஒரே அர்த்தம்தானே? எங்களிடம் கேட்பது கருத்திட்டமா, அகராதியா?" என்று கேட்டிருந்தார்.

உண்மைதான். படிவங்களைத் தமிழாக்குகிறவர்களும் நம்மைக் குழப்புகிறார்கள். ஒரு நிறுவனத்தின் படிவத்தில் 'கோல்' என்பதை இலக்கு என்று போட்டிருப்பார்கள். இன்னொன்றில் அதையே குறிக்கோள் என்பார்கள். 'ஒப்ஜெக்டிவ்' ஓரிடத்தில் நோக்கமாகவும் வேறோரிடத்தில் குறிக்கோளாகவும் வரும். 'டெலிவரபிள்ஸ்' என்பதற்கு வெளியீடு, பெறுபேறு, கையளிக்க வேண்டியவை என்று மூன்று நான்கு பெயர்கள். ஆகவே சொல்லைப் பார்த்து எழுதாதீர்கள். படிவத்தில் ஆங்கிலமும் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் இலக்கு, நோக்கம், கையளிப்பு என்ற மூன்று சொற்களையே பயன்படுத்துகிறேன்.

இவற்றின் வித்தியாசம் எனக்கே சரியாகப் புரிந்தது ஊவா மலையில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில்தான். என் அம்மாவின் குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கு வந்தது. வன்னியில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அப்படியொரு மலையூர் இருக்கும். அங்கே இருக்கும் உறவுக்காரப் பெண்ணொருத்தி அந்தப் பாடசாலையின் பெற்றோர் குழுவில் இருக்கிறாள். "அக்கா, ஒரு ஃபோம் வந்திருக்கு. பூர்த்தி செய்யத் தெரியல்ல. நீங்க வந்து பாத்துத் தாங்க" என்று கூப்பிட்டாள். போனேன்.

படிவம் ஒரு பாடசாலை நிகழ்வுக்கானது: மண்சரிவு ஒத்திகை நாள். ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் அப்படியொரு நாள் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை காலையில், இதே பிரதேச செயலகப் பிரிவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. காலையிலேயே பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன். நம்முடைய பாடத்துக்கு அதுதான் முக்கியமான இடம்.

பெற்றோர் குழுவின் தாய்மார் நால்வரும் ஓர் ஆசிரியையும் வகுப்பறையில் இருந்தார்கள். கொழுந்து நிறுத்து முடித்து, பெயர் பதிந்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். அவர்கள் ஏற்கனவே பென்சிலால் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார்கள்.

இலக்கு என்ற பெட்டியில்: "பாடசாலையில் மண்சரிவு ஒத்திகை நாள் நடத்துதல்." நோக்கம் என்ற பெட்டியில்: "142 மாணவர்களுக்கும் விழிப்புணர்வு வழங்குதல்." கையளிப்பு என்ற பெட்டியில்: "மண்சரிவினால் உயிரிழப்பே ஏற்படாத தோட்டம்."

நான் சிரிக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினேன். ஆனால் பாருங்கள், கடைசிப் பெட்டியில் இருப்பதை முதலாவதற்கும், முதலாவதில் இருப்பதைக் கடைசிக்கும் மாற்ற வேண்டும். நடுவில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

"கையளிப்புன்னு எழுதினா அத நாம கையில கொடுக்கணும்" என்றேன். "அடுத்த வருசம் மழையில ஒரு வீடு சரிஞ்சா, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறதாச் சொன்னது வரல்லன்னு அவங்க கேக்கலாம். உயிரிழப்பே வராதுன்னு உங்களால எழுதிக் கொடுக்க ஏலுமா?"

"அது எப்படிக்கா ஏலும்? மழை எங்க கையிலயா இருக்கு?"

அதுதான் இலக்கு. நம் கையில் மட்டும் இல்லாதது, ஆனால் நாம் எதற்காக இத்தனை பாடுபடுகிறோமோ அது. "மழைக்காலத்தில் இத்தோட்டத்தில் ஒரு பிள்ளையும் ஒரு குடும்பமும் மண்சரிவில் உயிரிழக்காத நிலை" என்று எழுதினோம். இதற்குப் பாடசாலை மட்டும் போதாது. ஆபத்தான லயங்களில் இருப்பவர்களுக்கு வேறு காணியும் வீடும் கிடைக்க வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும், தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும். நம்முடைய ஒரு நாள் நிகழ்வு அந்தப் பக்கமாக ஓர் அடி வைக்கிறது, அவ்வளவுதான். இலக்குப் பெட்டியில் தேதி போட வேண்டியதில்லை. இலக்கை நீங்கள் தனியாக அடைந்து காட்ட வேண்டும் என்று எந்த நல்ல நிறுவனமும் கேட்காது. "இதற்கு உதவுவோம்" என்று எழுதினால் போதும்.

அடுத்தது கையளிப்பு. இது மூன்றிலும் சுலபமானது. கண்ணால் பார்த்து, எண்ணி, "கிடைத்தது" என்று ஒருவர் கையெழுத்துப் போடக்கூடியது எதுவோ அது. தாய்மார்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்: தோட்டத்தின் வரைபடம் ஒன்று, பாடசாலைச் சுவரில் பெரிதாக, மழைமானி ஒன்றும் அதன் அளவை எழுதும் கொப்பியும், லயத்திலுள்ள 78 குடும்பங்களுக்கும் ஒவ்வோர் அட்டை, பெற்றோருடன் சேர்ந்து ஓர் ஒத்திகை, வரவுப் பதிவோடு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையளிப்பு என்றால் பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எப்படியிருந்தால் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்பதையும் எழுத வேண்டும். வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழுவினர் முதலில் லயத்திலிருந்து கோயில் மண்டபத்துக்குப் போகும் குறுக்குப் பாதையைப் பாதுகாப்பான வழி என்று வரைந்திருந்தார்கள். எல்லோரும் தினமும் நடக்கும் பாதை அது. ஆனால் அது ஓடையைக் கடக்கிறது. மலை சரியும்போது மண்ணும் கல்லும் தண்ணீரும் பெரும்பாலும் ஓடையின் வழியாகத்தான் இறங்கும். அழகாக வர்ணம் பூசிய வரைபடமே பிள்ளைகளை ஆபத்துக்குள் கூட்டிப்போயிருக்கும். ஆகவே நாங்கள் இப்படி எழுதினோம்: "நான்கடிக்கு எட்டடி வரைபடம் ஒன்று, வழியும் கூடுமிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலக உத்தியோகத்தராலும் கிராம உத்தியோகத்தராலும் பார்வையிடப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னர் வரையப்படும்." இந்த ஒரு வரியினால் இரண்டு வாரம் தாமதமாயிற்று. பரவாயில்லை. பாதை பெருவீதி வழியாக மாறியது.

மழைமானியிலும் அப்படித்தான். பொருள் விலை குறைவு. நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அளவுகோலும் இருந்தால் கூடச் செய்யலாம். ஆனால் கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். வானிலை நிலையங்களில் காலை 8.30க்கு அளப்பது வழக்கம், அதையே வைத்துக்கொண்டோம். அப்போது ஒரு தாய் கேட்டார், "சனி ஞாயிறு யாரு பாப்பா? மழைக்கு லீவு இல்லையே?" வந்திருந்த எல்லோரையும்விடப் படிவத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. மழைமானி வாங்கிக் கொடுத்தாயிற்று என்று பற்றுச்சீட்டோடு அறிக்கை அனுப்பலாம். சனிக்கிழமை இரவு அதில் எவ்வளவு தண்ணீர் நிறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பாடசாலைக்குப் பக்கத்து லயத்திலிருக்கும் இரண்டு குடும்பங்களின் பெயரை விடுமுறை நாட்களுக்குக் குறித்தோம்.

இப்போது நடுப்பெட்டி. நோக்கம். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

"விழிப்புணர்வு வழங்குதல்" நோக்கமல்ல. அது நாம் செய்யும் வேலை. நோக்கம் என்பது நம் வேலை முடிந்த பிறகு மற்றவரிடத்தில் இருக்கும் மாற்றம். நாம் என்ன கொடுத்தோம் என்பது கையளிப்பில் வரும். அவர்களால் இப்போது என்ன செய்ய முடிகிறது, முன்பு முடியாதிருந்தது, என்பது நோக்கத்தில் வரும். யாரிடம், எத்தனை பேரிடம், எந்தத் திகதிக்குள், எப்படித் தெரிந்துகொள்வோம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இலக்கைப் போலல்லாமல் இதற்கு நாம் பொறுப்புச் சொல்ல வேண்டும்.

ஆசிரியை ஒரு சம்பவத்தைச் சொன்னார். முந்திய வருடமும் அங்கே ஒத்திகை நடந்ததாம். ஒரு நிறுவனம் வந்து செய்தது. 142 தொப்பிகள், ஒரு பதாகை, மதியச் சாப்பாடு. மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு ஓடினார்கள், நான்கு நிமிடத்தில் எல்லோரும் நின்றார்கள், கைதட்டினார்கள். அறிக்கையில் நூற்றுக்கு நூறு வெற்றி. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பேய் மழை. பாடசாலையை நேரத்தோடு விட்டார்கள். பிள்ளைகள் எங்கே போனார்கள்? மலையடிவாரத்து லயத்துக்கு, வீட்டுக்கு. அன்று எதுவும் நடக்கவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அந்த ஒத்திகையில் பிள்ளைகள் கற்றது மணி அடித்தால் மைதானத்தில் நிற்பது மட்டும்தான். தொப்பியும் பதாகையும் ஓட்டமும் கையளிக்கப்பட்டன. நோக்கம் என்று ஒன்று எழுதப்பட்டிருக்கவே இல்லை. அதனால் அது தவறியது யாருக்கும் தெரியவுமில்லை.

மீரியபெத்தையின் எச்சரிக்கையையும் இதே கண்ணால் பாருங்கள். எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது, அது கையளிப்பு. மக்கள் அந்த இடத்தை விட்டு வேறு பாதுகாப்பான இடத்தில் குடியேறியிருக்க வேண்டும். அதுதான் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். போவதற்குக் காணியும் வீடும் இல்லாத தொழிலாளிக்கு எச்சரிக்கை ஒரு கடுதாசி. 2005க்கும் 2014க்கும் இடையில் ஒன்பது வருடங்கள் போயின.

நாங்கள் எழுதிய நோக்கம் இது: "நவம்பர் 30ஆம் திகதிக்குள், 142 மாணவர்களில் குறைந்தது 115 பேரும், 78 குடும்பங்களில் குறைந்தது 60 குடும்பங்களிலிருந்து ஒரு பெரியவரும், மண்சரிவின் அறிகுறிகளில் மூன்றை யாரும் எடுத்துக்கொடுக்காமல் சொல்லவும், வீட்டிலிருந்து கூடுமிடத்துக்குப் போகும் வழியைக் காட்டவும் கூடியவர்களாயிருப்பர். ஒத்திகை முடிந்து இரண்டு வாரத்தின் பின்னர் தனித்தனியே கேட்டு இது கணக்கிடப்படும்."

அறிகுறிகள் எவை என்று அந்தத் தாய்மாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு. மரமும் மின்கம்பமும் சாய்தல். நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்று, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நிற்பது. பீலித் தண்ணீர் சேறாக வருவது. கதவு நிலையில் இறுகிக்கொள்வது. அதோடு மழையின் அளவும் சேரும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் அவதானமாயிருக்க வேண்டும்; 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும்; 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. அட்டையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் போட்டோம். ஆனால் அந்த அளவு வரவில்லையே என்று அறிகுறியைக் கண்ட பிறகும் காத்திருக்கக் கூடாது என்றும் கீழே எழுதினோம்.

ஏன் 142 பேரும் என்று எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஒத்திகை நாளில் காய்ச்சலில் படுப்பவர் இருப்பார், பேசக் கூச்சப்படும் பிள்ளை இருக்கும். நூற்றுக்கு நூறு என்று எழுதுகிறவர் ஒன்றில் பொய் எழுதப் போகிறார், அல்லது எண்ணப் போவதில்லை. எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு 115 என்பதே பெரிய எண்.

நாளைத் தெரிவதிலும் பேச்சு வந்தது. வேலை நாளில் வைத்தால் தாய்மாருக்கு அரைநாள் சம்பளம் போகும், அறுபது குடும்பம் வராது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை. பாருங்கள், நோக்கத்தில் பெற்றோரையும் எழுதியதால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. பிள்ளைகளை மட்டும் எழுதியிருந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வைத்து முடித்திருப்பார்கள். தொப்பியும் பட்டியலிலிருந்து போயிற்று. அது எந்த நோக்கத்துக்கு உதவுகிறது என்று கேட்டபோது ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பணத்தில் அட்டைகளுக்கு மழையில் நனையாத உறை போட்டார்கள். உங்கள் பட்டியலிலும் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

ஒத்திகை நடந்தது. வரைபடம், மழைமானி, 78 அட்டை, வரவுப் பதிவு எல்லாம் சரி. நான்கு கையளிப்புகளுக்கும் அதிபர் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் கழித்து மேல்வகுப்பு மாணவிகள் ஆசிரியையோடு சேர்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். குடும்பங்களில் 63 சரியாகச் சொன்னது. பிள்ளைகளில் 97 பேர்தான். எழுதியதற்கு 18 குறைவு.

தவறிய 45 பேரில் 31 பேர் தரம் ஒன்றும் இரண்டும். "இடி முழங்கி மழை பெய்யுது, சுவரு வெடிக்குது, நீ எங்க போவ?" என்று கேட்டால், அத்தனை பேரும் அநேகமாக ஒரே பதில்: "அம்மாகிட்ட போவேன்." அம்மா அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள்.

உறவுக்காரப் பெண் தொலைபேசியில் என்னிடம் அழுதாள். "அக்கா, 115 வந்திச்சுன்னே எழுதிரவா? யாரு வந்து பாக்கப் போறாங்க?" எழுத வேண்டாம் என்றேன். கையளிப்புகள் நான்கும் முழுமை, நோக்கத்தில் பெற்றோர் பகுதி நிறைவேறியது, பிள்ளைகள் பகுதி நிறைவேறவில்லை, காரணம் சிறு பிள்ளைகள் என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன். அந்த 31 பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நடுப்பெட்டியின் வேலை. அது இல்லாவிட்டால் நான்கு கையெழுத்தோடு எல்லாம் வெற்றியாக முடிந்திருக்கும். நிறுவனம் கோபிக்கவில்லை. மிச்சப் பணத்தில் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பச் செய்யலாம் என்று பதில் வந்தது. இம்முறை வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தாமல், தாயின் கையைப் பிடித்து வீட்டு வாசலிலிருந்து கூடுமிடம் வரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடக்க வைத்தார்கள். அம்மா இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் யாருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வைத்தார்கள்.

இனி முல்லைத்தீவுச் சகோதரிக்கு. உங்கள் படிவத்தில் மூன்று பெட்டியிலும் தையல் மெஷின் இருக்கிறது. "25 பெண் தலைமைக் குடும்பங்களுக்குத் தையல் மெஷின் வழங்குதல்", "தையல் மெஷின் மூலம் வாழ்வாதாரம் வழங்குதல்", "25 தையல் மெஷின்". மெஷின் ஒரு கையளிப்பு. அதைக் கடைசிப் பெட்டியில் மட்டும் வையுங்கள். என்ன வகை, பழுதானால் யார் திருத்துவது, எத்தனை நாள் பயிற்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இலக்கு, இந்தக் குடும்பங்கள் கடனில்லாமல் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நிலை. அதில் உங்கள் சங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு, முழுப் பொறுப்பும் இல்லை. நடுவில் வர வேண்டியது என்ன? மெஷின் கிடைத்து ஒரு வருடத்தின் பின்னர் 25 பேரில் எத்தனை பேர் தைத்து, மாதம் எவ்வளவு உழைக்கிறார்கள், அதை எந்தக் கொப்பியைப் பார்த்துச் சொல்வீர்கள் என்பது. அந்த எண்ணை எழுதுவதற்கு முன் உங்கள் ஊரில் பாடசாலைச் சீருடை யார் தைக்கிறார், சட்டைக்கு என்ன கூலி, இன்னும் 25 பேர் தைத்தால் வேலை இருக்குமா என்று விசாரியுங்கள். விசாரித்த பிறகு ஒருவேளை 25 மெஷின் 8 ஆகலாம். ஆனால் அந்த எட்டும் மூலையில் துணி போர்த்திக் கிடக்காது.

திருத்திய பிரதியை எனக்கும் ஒன்று அனுப்புங்கள். வரவு செலவுப் பக்கத்தை அடுத்த மாதம் பார்ப்போம்.